புதிதாக வந்த ஃபைனான்ஸ் மேனேஜருக்கு: உள்கட்டுப்பாட்டின் ஐந்து கூறுகளை ஒரே ஒரு வெண்டர் பேமென்ட்டில் பிடிப்பது எப்படி

ஃபைனான்ஸ் மேனேஜராகப் பொறுப்பேற்றதும் கைக்கு வரும் கோப்புகளில் 'உள்கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது, உள்கட்டுப்பாட்டுக்கு வழிகாட்டும் அமெரிக்கக் குழுவான கோசோ 2013-இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தைத் தழுவியது. கட்டுப்பாட்டுச் சூழல், இடர் மதிப்பீடு, கட்டுப்பாட்டு நடவடிக்கைகள், தகவலும் தொடர்பும், கண்காணிப்பு என்று ஐந்து கூறுகள், அவற்றுக்குக் கீழே 17 கொள்கைகள். படித்தால் எல்லாம் புரியும். ஆனால் நாளைக்குக் காலையில் அலுவலகம் போய் முதலில் எந்தக் கோப்பைத் திறப்பது, யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்பது மட்டும் அதில் இருக்காது. நான் அங்கேதான் ரொம்ப நாள் திணறினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலைக்கு ஆன வழி இது: ஐந்து கூறுகளையும் தனித்தனியாக கம்பெனி முழுக்கத் தேடாமல், பணம் வெளியே போகும் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அந்தப் பாதையில் ஐந்தும் இருக்கிறதா, நடக்கிறதா என்று பார்ப்பது. வெண்டருக்குப் பணம் கொடுக்கும் பாதை இதற்கு மிகவும் பொருத்தம். அந்தப் பாதையிலும் ஒரு குறிப்பிட்ட இடம், வெண்டரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் இடம்.

ஏன் அந்த இடம் என்பதற்கு ஓர் உதாரணம். பேக்கிங் சாமான் தரும் ஒரு வெண்டர். பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கிறது, சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, 8,40,000-க்கு இன்வாய்ஸ் வந்திருக்கிறது, மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. இதற்கிடையில் வெண்டரின் பெயரில் ஒரு மெயில், 'எங்கள் வங்கி மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று லெட்டர்ஹெட்டோடு வருகிறது. அனுப்பியவரின் முகவரியில் ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறு. அக்கவுண்ட்ஸில் இருப்பவர் வெண்டர் மாஸ்டரில் கணக்கு எண்ணை மாற்றுகிறார். அடுத்த பேமென்ட் ரன்னில் இரண்டு பேர் அப்ரூவ் செய்து பணம் போகிறது. மாதக் கடைசியில் வங்கி ரீகன்சிலியேஷனும் சுத்தமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் லெட்ஜரிலும் 8,40,000, வங்கியிலும் 8,40,000. ஐந்து வாரம் கழித்து உண்மையான வெண்டர் 'பாக்கி எங்கே' என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

கவனித்துப் பாருங்கள், எந்தக் கட்டுப்பாடும் இங்கே தவறவில்லை. ஆர்டர், சரக்கு ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் ஒப்பிட்டார்கள், இரட்டை அப்ரூவல் இருந்தது, ரீகன்சிலியேஷன் நடந்தது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட 'இந்தக் கணக்கு எண் யாருடையது' என்ற கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஒரு கட்டுப்பாடு எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் பிடிக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு பேமென்ட்டைப் பிடித்துக்கொண்டு போகின்றன.

## 1. முதல் வாரத்தில் கையில் வாங்க வேண்டிய ஆவணங்கள்

யாரிடமும் விளக்கம் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இவற்றை வாங்கிவிடுங்கள்: நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்த அதிகாரப் பகிர்வுப் பட்டியல், அதாவது யார் எவ்வளவு தொகை வரை கையெழுத்திடலாம் என்பது. வங்கியிடம் இருக்கும் கையெழுத்து அதிகாரக் கடிதம். ஈஆர்பியிலும் வங்கி போர்ட்டலிலும் யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல். வெண்டர் மாஸ்டரில் கடந்த மூன்று மாதத்தில் நடந்த மாற்றங்களின் பதிவு. கடைசியாக, போன ஆண்டு ஆடிட்டர் கொடுத்த குறைகள் கடிதமும் அதற்கு நிர்வாகம் எழுதிய பதிலும்.

இதில் இரண்டு விஷயம். உரிமைப் பட்டியலை எக்செல்லில் தட்டச்சு செய்து யாராவது அனுப்பினால் வாங்காதீர்கள், சிஸ்டத்திலிருந்து நேராக எடுக்கச் சொல்லி, எடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம், ஆடிட்டர் கடிதத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் எழுதியிருக்கும் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். உண்மையிலேயே சரிசெய்திருந்தால் அதற்கு ஒரு ஆதாரம் இருக்கும். ஆதாரம் இல்லாத வரி இன்னும் திறந்தே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 2. கட்டுப்பாட்டுச் சூழல்: மூன்று பட்டியலை ஒரே தாளில் வையுங்கள்

இந்தக் கூறைப் பற்றிப் பேசினால் எல்லோரும் நன்னடத்தை விதிகளையும் மேலிடத்தின் நேர்மையையும் சொல்வார்கள். அவையும் இதற்குள்தான் வரும். ஆனால் புதிதாக வந்த உங்களால் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது அதிகாரம்: காகிதத்தில் யாருக்கு இருக்கிறது, நிஜத்தில் யார் கையில் இருக்கிறது.

ஒரு தாளில் பெயர்களை இடது பக்கம் எழுதி, பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள்: அதிகாரப் பட்டியலில் வரம்பு, வங்கிக் கடிதத்தில் வரம்பு, சிஸ்டத்தில் வரம்பு. அரை நாள் வேலை. இந்த மூன்றும் ஒத்துப்போகும் கம்பெனி அபூர்வம். வேலையை விட்டுப் போனவரின் பெயர் வங்கிக் கடிதத்தில் இன்னும் இருக்கும். பட்டியலில் 5 லட்சம் வரம்பு உள்ளவருக்கு சிஸ்டத்தில் 50 லட்சம் கொடுத்திருப்பார்கள். யாரோ ஒருவர் விடுமுறையில் போனபோது தற்காலிகமாகக் கொடுத்த உரிமை திரும்ப எடுக்கப்படாமலே கிடக்கும். சிஸ்டத்தில் திருத்துவது ஒரே நாளில் முடியும். வங்கிக் கடிதத்தை மாற்றப் பொதுவாக நிர்வாகக் குழுத் தீர்மானம் கேட்பார்கள், அதற்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டிவரும், அதனால் அந்த வேலையை முதலில் தொடங்கிவிடுங்கள்.

அடுத்து டோக்கனும் பாஸ்வேர்டும். 'எங்களிடம் இரண்டு பேர் அப்ரூவல்' என்பார்கள், ஆனால் இயக்குநரின் டோக்கன் அக்கவுண்ட்ஸ் மேசையின் இழுப்பறையில் கிடக்கும். அவரும் அது தெரிந்துதான் கொடுத்திருப்பார், தினமும் யார் தொந்தரவு செய்வது என்று. அப்படி இருந்தால் இரண்டு அப்ரூவலும் ஒரே ஆளுடையது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வங்கி போர்ட்டலின் பதிவில் பாருங்கள்: பதிவிட்டவருக்கும் ஒப்புதல் தந்தவருக்கும் இடையே சில நொடிகள்தான் வித்தியாசம், இரண்டும் ஒரே ஐபி முகவரி, அல்லது ஒப்புதல் தந்தவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பொறி எங்கே என்றால், விதிவிலக்குகளில். 'அவசரம், பணத்தை அனுப்பிவிடு, பேப்பர் பின்னால் வரும்' என்று மேலிடத்திலிருந்து வரும் சொல். அதை ஒரேயடியாகத் தடுக்க உங்களால் முடியாமல் போகலாம், பதிவு செய்ய முடியும். தேதி, கேட்டவர், காரணம், ஒப்புதல் தந்தவர், பேப்பர் வந்த தேதி என்று ஒரு பதிவேடு போடுங்கள். மூன்று மாதத்தில் அது சொல்லும் விஷயத்தை எந்த நன்னடத்தை உறுதிமொழிப் படிவமும் சொல்லாது, குறிப்பாக எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால்.

## 3. இடர் மதிப்பீடு: ஒரு இன்வாய்ஸோடு கூடவே நடந்து பாருங்கள்

பழைய கோப்பில் ஓர் இடர்ப் பட்டியல் இருக்கும். அதில் 'வெண்டர் பேமென்ட்டில் மோசடி – அதிகம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தக் கட்டுப்பாட்டையும் வடிவமைக்க முடியாது. இடரை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள், எதனால், என்ன நடந்து, என்ன விளைவு என்று: 'வெண்டரின் பெயரில் வேறொருவர் அனுப்பும் கோரிக்கையை நம்பி மாஸ்டரில் கணக்கு எண் மாற்றப்பட்டு, உண்மையான இன்வாய்ஸுக்கான பணம் அந்நியரின் கணக்குக்குப் போகலாம்.' இப்படி எழுதியதும் தடுக்க வேண்டிய இடம் அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

'ரீகன்சிலியேஷன் செய்யாமல் விடலாம்' என்பது இடர் அல்ல, கட்டுப்பாடு இல்லாததைத் திருப்பிச் சொல்வது. இப்படி எழுதினால் பட்டியல் நீளமாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இந்த வாக்கியங்கள் எங்கிருந்து கிடைக்கும்? போன மாதம் பணம் கொடுத்து முடித்த ஓர் இன்வாய்ஸை எடுங்கள். அது வந்து சேர்ந்த இடத்திலிருந்து பணம் போன இடம் வரை, அதைத் தொட்ட ஒவ்வொருவரின் இருக்கைக்கும் நடந்து போங்கள். ஆடிட்டர்கள் வாக்த்ரூ என்று சொல்வது இதைத்தான். 'நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் கையேட்டில் இருப்பதை ஒப்பிப்பார்கள். 'இந்த இன்வாய்ஸுக்கு நீங்கள் செய்ததைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். பிறகு இன்னும் இரண்டு கேள்வி: அவசரமென்றால் எப்படிச் செய்வீர்கள், நீங்கள் லீவில் இருந்தால் யார் செய்வார்கள்? கையேட்டில் இல்லாத வழிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விக்கான பதிலில்தான் வெளிவரும். ஒரு பாதைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது.

வெண்டர் பேமென்ட்டுக்கு எப்படியும் நான்கு இடர்கள் வந்து நிற்கும்: இல்லாத வெண்டருக்குப் பணம் போவது, கணக்கு எண் மாற்றம், ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் போவது, வந்த இன்வாய்ஸ் புத்தகத்தில் ஏறாமலே விடுபட்டு மாதக் கடைசியில் செலவு குறைவாகத் தெரிவது. கடைசியில் உள்ளதைப் பலரும் விட்டுவிடுவார்கள், அதில் திருட்டு இல்லை என்பதால். நிதி அறிக்கை தப்பாவதும் இடர்தான். மோசடிக்கான இடரையும், கம்பெனியில் நடக்கும் பெரிய மாற்றங்களால் வரும் இடரையும் கோசோ தனித்தனிக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. புது மென்பொருளுக்கு மாறுகிறீர்கள் என்றாலோ, ரொம்ப காலம் இருந்த கேஷியர் போகிறார் என்றாலோ, இந்த நடையை மறுபடி நடக்க வேண்டும்.

## 4. கட்டுப்பாட்டு நடவடிக்கைகள்: 'சரிபார்க்கப்படும்' என்று எழுதி விட்டுவிடாதீர்கள்

'வங்கி விவர மாற்றங்கள் சரிபார்க்கப்பட வேண்டும்' என்று கொள்கை ஆவணத்தில் இருக்கும். யார், எப்போது, எதை எதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் என்ன செய்து, எந்த ஆதாரத்தை வைக்க வேண்டும்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத வரி ஒரு கட்டுப்பாடே இல்லை. நம் உதாரணத்துக்கு எழுதினால் இப்படி வரும்:

கோரிக்கை வந்த அன்றே மாஸ்டரில் அந்த வெண்டருக்குப் பேமென்ட் நிறுத்தம் போடப்படும். மாற்றத்தைப் பதிவிடாத இன்னொருவர், வெண்டரோடு செய்த ஒப்பந்தத்திலோ பழைய கோப்பிலோ உள்ள தொலைபேசி எண்ணுக்குத் தானே கூப்பிட்டு, பழைய கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தையும் புதுக் கணக்கு எண்ணையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்பார். தேதி, நேரம், கூப்பிட்ட எண், அது எந்த ஆவணத்தில் இருந்து எடுத்தது, பேசியவரின் பெயர், பதவி எல்லாம் படிவத்தில் ஏறும். பொருந்தினால் மட்டும் மேனேஜர் நிறுத்தத்தை எடுப்பார். பொருந்தாவிட்டால் நிறுத்தம் அப்படியே இருக்கும், அன்றே உங்களுக்குத் தகவல் வரும்.

இதில் உயிர்நாடி அந்தத் தொலைபேசி எண்தான். மாற்றம் கேட்டு வந்த கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால், எடுப்பவர் அந்தக் கடிதத்தை எழுதிய அதே ஆளாக இருப்பார், 'ஆமாம் சார், நாங்கள்தான்' என்று அன்பாகவும் பேசுவார். வந்த மெயிலுக்கே பதில் போட்டு உறுதி கேட்பதும் இதே கதைதான். இன்னொன்றும் நடக்கும்: முதல் மெயிலில் 'எங்கள் தொலைபேசி எண் மாறிவிட்டது' என்று மட்டும் வரும், மூன்று வாரம் கழித்து வங்கி மாற்றம் வரும். அதனால் தொடர்பு எண் மாற்றத்துக்கும் இதே நடைமுறை வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டே மேலிடத்திடம் கொண்டுபோங்கள், ஏனென்றால் முதல் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும். ஒரு மாற்றத்துக்குப் பத்து நிமிடம், மாதம் 15 மாற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். வெண்டர் போனை எடுக்காவிட்டால் பணம் இரண்டு நாள் தள்ளிப்போகும். அந்த இரண்டு நாளை பர்ச்சேஸ் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் அவசரத்திலேயே விதிவிலக்கு கேட்டு வருவார்கள்.

ஆட்கள் குறைவு, வேலையைப் பிரிக்க முடியவில்லை என்ற பிரச்சினை நிறையப் பேருக்கு இருக்கும். மாஸ்டரை மாற்றுவது, இன்வாய்ஸ் பதிவது, பணத்தை விடுவிப்பது, ரீகன்சிலியேஷன் செய்வது ஆகிய நான்கும் நான்கு பேரிடம் இருந்தால் நல்லது. மூன்றே பேர்தான் என்றால், மாஸ்டரை மாற்றுபவர் பணத்தை விடுவிக்கக் கூடாது, பணத்தை விடுவிப்பவர் ரீகன்சிலியேஷன் செய்யக் கூடாது, இந்த இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மீதிக்கு ஈடாக, மாற்றப் பதிவை நீங்களே வாரம் ஒருமுறை பாருங்கள். அதோடு, சிஸ்டத்தில் அட்மின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த உரிமை அக்கவுண்ட்ஸில் ஒருவரிடம் இருந்தால் நீங்கள் பிரித்து வைத்தவை எல்லாம் அவருக்குப் பொருந்தாது.

கையெழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போவது அடுத்த பொறி. மூன்றாவது கையெழுத்து வந்ததும் முதல் இருவரும் 'அவர் பார்ப்பார்' என்று விடுவார்கள், மூன்றாமவர் 'இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்' என்று போடுவார். ஒவ்வொரு கையெழுத்தும் எதைப் பார்க்கிறது என்று பேமென்ட் வவுச்சரிலேயே அச்சிடுங்கள். ஒரு கையெழுத்துக்கு எழுத எதுவும் இல்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

## 5. தகவலும் தொடர்பும்: நீங்கள் பார்க்கும் ரிப்போர்ட் முழுமையானதா?

ஐந்து கூறுகளில் அதிகம் கைவிடப்படுவது இதுதான் என்பது என் கருத்து. வாரம் ஒருமுறை மாற்றப் பதிவைப் பார்ப்பதாக முடிவு செய்தாயிற்று. அந்தப் பதிவை உங்களுக்கு யார் எடுத்துத் தருகிறார்? மாஸ்டரை மாற்றும் அதே ஆள் எக்செல்லில் அனுப்பினால், அவர் காட்ட நினைக்கும் வரிகளைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

உங்கள் சொந்த லாகினில், பார்க்க மட்டும் உரிமையோடு, நீங்களே எடுங்கள். எடுக்கும்போது தேதி வரம்பு, எந்தெந்த வெண்டர் வகை, எந்த நிறுவனக் குறியீடு என்ற தேர்வுத் திரையைப் படம் பிடித்து ரிப்போர்ட்டோடு வையுங்கள், மொத்த வரி எண்ணிக்கையையும் குறித்துவிடுங்கள். பிறகு இரண்டு சோதனை. நடந்தது உங்களுக்குத் தெரிந்த ஒரு மாற்றம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், அது முழுமைக்கு. ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரியை எடுத்து அதன் படிவத்தோடு ஒப்பிடுங்கள், அது சரித்தன்மைக்கு. ஆடிட்டர் இதைக் கட்டாயம் கேட்பார். கேட்கும்போது ஓடுவதைவிட ஒவ்வொரு முறையும் சேர்த்து வைப்பது சுலபம்.

சில ரிப்போர்ட்டுகள் இயல்பாகவே புதிய வெண்டர்களை மட்டும் காட்டும், பழைய வெண்டரில் நடந்த மாற்றம் வராது. சிலவற்றில் ஒருமுறை மட்டும் பணம் கொடுக்கும் வெண்டர் வகை விடுபட்டிருக்கும். தேர்வுத் திரையைப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

இன்னொரு முக்கியமான விஷயம். போன மாதக் கடைசி வெண்டர் பட்டியலையும் இந்த மாதக் கடைசிப் பட்டியலையும் ஒப்பிட்டு 'மாற்றம் எதுவும் இல்லை' என்று கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவரே தவறு செய்தால், பேமென்ட் ரன்னுக்கு முந்தின நாள் கணக்கு எண்ணை மாற்றி, பணம் போன மறுநாள் பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிடுவார். இரண்டு பட்டியலும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு வைத்திருக்கும் பதிவில் மட்டும்தான் அது தெரியும். பதிவைப் பார்க்கும்போது, ஒரே வெண்டருக்குச் சில நாட்களுக்குள் இரண்டு மாற்றம் இருந்தால் அதை முதலில் எடுங்கள். இரண்டு வெண்டருக்கு ஒரே கணக்கு எண், வெண்டரின் கணக்கு எண்ணும் ஊழியர் ஒருவரின் சம்பளக் கணக்கு எண்ணும் ஒன்றாக இருப்பது, இவையும் எக்செல்லில் சில நிமிடத்தில் பார்க்கக்கூடியவை.

தொடர்பைப் பொறுத்தவரை இரண்டு வேலை. எல்லா வெண்டருக்கும் ஒரு கடிதம்: வங்கி மாற்றத்தை மெயிலை மட்டும் நம்பி ஏற்க மாட்டோம், உங்களைத் தொலைபேசியில் கூப்பிடுவோம், அதற்கு உங்கள் பக்கத்தில் யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். உள்ளே, இயக்குநரின் பெயரில் 'ரகசியம், உடனே அனுப்பு' என்று மெயில் வந்தால் அந்த இளம் அக்கவுண்டன்ட் யாரிடம் தயங்காமல் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிக் கேட்டதற்காக யாரும் அவரைத் திட்டக் கூடாது. இதை இயக்குநரே ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், உங்கள் பத்து சுற்றறிக்கைகளைவிட நன்றாக வேலை செய்யும்.

## 6. கண்காணிப்பு: கையெழுத்தைப் பார்க்காதீர்கள், கையெழுத்துக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள்

நீங்கள் வாரந்தோறும் மாற்றப் பதிவைப் பார்ப்பது கண்காணிப்பு அல்ல, அது ஒரு கட்டுப்பாடு. நீங்கள் அதை உண்மையிலேயே செய்கிறீர்களா என்று இன்னொருவர் அவ்வப்போது பார்ப்பதுதான் கண்காணிப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாக எழுதி வைத்திருப்பார்கள், ஆடிட்டர் வந்ததும் ஐந்தாவது கூறு காலியாக நிற்கும்.

செய்யும் விதம் இரண்டு. முதலில் வடிவமைப்பு: எழுதியபடி நடந்தால் அந்த இடர் பிடிபடுமா? இதற்கு ஒரே ஓர் உதாரணத்தை முழுதாக நடந்து பார்த்தால் போதும். அது சரியென்றால் அடுத்து, சொன்னபடி காலம் முழுக்க நடக்கிறதா? இதற்கு மாதிரிகள் வேண்டும். வழக்கத்தில் உள்ள அளவு, மாதம் ஒருமுறை நடக்கும் கட்டுப்பாட்டுக்கு 2 முதல் 5, வாரம் ஒருமுறை என்றால் 5 முதல் 15, தினசரி என்றால் 20 முதல் 40, ஒரு நாளைக்குப் பல முறை நடப்பதற்கு 25 முதல் 60. உங்கள் ஆடிட்டர் எந்த அளவை வைத்திருக்கிறார் என்று கேட்டு அதையே எடுத்துக்கொண்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது. மாதிரிகளை நீங்களோ உங்கள் ஆளோ தேர்ந்தெடுங்கள். 'நான் எடுத்துத் தருகிறேன்' என்று அந்தப் பிரிவே எடுத்துத் தருவதை வாங்காதீர்கள்.

ஆதாரம் என்றால் மூலையில் ஒரு கையெழுத்து அல்ல. பார்த்தவர் எந்த வரியில் கேள்வி கேட்டார், யாரிடம், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு வருட ரிப்போர்ட்டில் ஒரு கேள்விகூட எழவில்லை என்றால் யாரும் படிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். ரிப்போர்ட் அச்சான தேதியையும் கையெழுத்துத் தேதியையும் பாருங்கள், மார்ச் 5 என்று கையெழுத்து, அச்சான தேதி ஏப்ரல் 28 என்று இருக்கும். ஆடிட்டுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து மொத்தமாகப் போட்ட கையெழுத்து அப்படித்தான் மாட்டும்.

இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தாலோ, அதிகாரத்தில் இருப்பவர் நடைமுறையைத் தாண்டிப் போகச் சொன்னாலோ இவ்வளவும் தோற்கலாம். கோசோவே நியாயமான அளவு உறுதி என்றுதான் சொல்கிறது, முழு உறுதி என்று சொல்லவில்லை. நீங்களும் நிர்வாகத்திடம் அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

## 7. குறை கண்டால்: எவ்வளவு பெரியது, எந்தத் தேதிக்குள்

ஒரு காலாண்டில் 45 வங்கி மாற்றம் நடந்தது, 25-ஐ எடுத்துப் பார்த்தீர்கள், 3-இல் தொலைபேசிப் பதிவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே அந்த மூன்று வெண்டரையும் கூப்பிடுவார்கள், மூன்றும் உண்மையான மாற்றம் என்று தெரியவரும், 'பணம் எதுவும் போகவில்லையே சார்' என்பார்கள். இந்தப் பேச்சை ஏற்காதீர்கள். நஷ்டம் நடந்ததா என்பதல்ல அளவுகோல், இந்த ஓட்டை வழியாக எவ்வளவு தப்பாகப் போயிருக்க முடியும், அதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதுதான். அந்தக் காலாண்டில் கணக்கு எண் மாறிய வெண்டர்களுக்குப் போன மொத்தப் பணத்தைக் கூட்டுங்கள். 3 கோடி என்று வந்தால், நிதி அறிக்கைக்கு ஆடிட்டர் வைத்திருக்கும் முக்கியத்துவ அளவோடு, அதாவது மெட்டீரியாலிட்டியோடு, அதை ஒப்பிடுங்கள். பிறகு, இந்த ஓட்டைக்குப் பின்னால் வேறு ஏதாவது கட்டுப்பாடு பிடித்திருக்குமா என்று பாருங்கள். உதாரணமாக, மாதந்தோறும் பெரிய வெண்டர்களிடம் பாக்கிக் கணக்கு அறிக்கை வாங்கி ஒப்பிடுகிறீர்கள் என்றால், பணம் போன பிறகாவது சீக்கிரம் தெரிந்திருக்கும். அப்படி ஒன்று இருந்து, அது நடந்ததற்கு ஆதாரமும் இருந்தால் தீவிரம் குறையும்.

இதை வைத்துத்தான் சாதாரணக் குறை, கவனத்துக்குரிய குறை, பாரதூரமான பலவீனம் என்று மூன்று தரமாகப் பிரிப்பார்கள். முதலாவது அந்தப் பிரிவோடு முடியலாம், மற்ற இரண்டும் மேல்நிர்வாகத்துக்கும் ஆடிட் குழுவுக்கும் எழுத்தில் போக வேண்டும். தரத்தை நீங்கள் தனியாக முடிவு செய்யாமல், கணக்கோடு ஆடிட்டரிடம் சீக்கிரமே பேசிவிடுங்கள். ஆண்டு முடிவில் அவர் வேறு தரம் சொன்னால் அப்போது மாற்ற நேரம் இருக்காது.

திருத்தும் வேலையில், விடுபட்ட மூன்றை மட்டும் சரிசெய்வது போதாது. 45 வெண்டரையும் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள், மாதிரியில் வராத 20-இல் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஏன் விடுபட்டது என்றும் பாருங்கள். அந்த மூன்றும் ஒரே வாரத்தில், சம்பந்தப்பட்டவர் லீவில் இருந்தபோது நடந்திருந்தால், தேவை இன்னொரு பயிற்சி வகுப்பு இல்லை, மாற்று ஆள்.

தேதியை ஆண்டு முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சரிசெய்த கட்டுப்பாடு நன்றாக ஓடுகிறது என்று சொல்ல, அது ஓடிய ஆதாரம் வேண்டும். மாதம் ஒருமுறை நடப்பது என்றால் குறைந்தது இரண்டு மூன்று மாதம், காலாண்டுக்கு ஒருமுறை என்றால் இரண்டு காலாண்டு என்று பொதுவாகக் கேட்பார்கள். அப்படியானால் மாதாந்தரக் கட்டுப்பாட்டுக்கான திருத்தம் நிதியாண்டின் ஒன்பதாம் மாத முடிவுக்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும், காலாண்டுக்கானது ஆறாம் மாத முடிவுக்குள். பதினோராம் மாதத்தில் அருமையாகத் திருத்தினாலும் அந்த ஆண்டின் அறிக்கையில் குறை திறந்தே நிற்கும். எனவே குறைப் பட்டியலில் பொறுப்பானவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு தேதி எழுதுங்கள், திருத்தம் ஓட ஆரம்பிக்கும் தேதி ஒன்று, மறுபடி சோதித்து மூடும் தேதி இன்னொன்று.